கவுன்டர் ஆஃபரை நயமாக மறுக்கும் கடிதம்: என்ன சொல் வைக்கலாம்?

செல்வி, வில்லாபுரம்

குழுவினருக்கு வணக்கம். எங்கள் பகுதி அப்பளக் கம்பெனிகளுக்காகத் தமிழில் வணிகக் கடித மாதிரிகள் தொகுத்து வருகிறேன். ஆர்டர், விலைப்புள்ளி, பாக்கி நினைவூட்டல் எல்லாம் அமைந்துவிட்டன. ஒரு கடிதத்துக்கு மட்டும் தலைப்பு அமையவில்லை.

நிலைமை இதுதான். அப்பளக் கம்பெனிக்காரர் ஐப்பசியில் விருதுநகர் பருப்பு மில்லுக்கு எழுதுகிறார்: உளுந்தம்பருப்பு 5 டன், கிலோ 108 ரூபாய், 30 நாள் தவணை. மில்காரர் பதில் போடுகிறார்: 114 ரூபாய், 15 நாள் தவணை. கிலோவுக்கு 6 ரூபாய் என்றால் மொத்தத்தில் 30,000 ரூபாய் கூடுகிறது. கட்டுபடியாகாது. ஆனால் தை பிறந்து புது உளுந்து வரத்து தொடங்கினால் அதே மில்லிடம்தான் போய் நிற்க வேண்டும். மறுக்கவும் வேண்டும், உறவு முறியவும் கூடாது.

இரண்டு சொல் வேண்டும். மில்காரர் அனுப்பிய கவுன்டர் ஆஃபருக்கு ‘எதிர்விலை’ என்றும், நாம் எழுதும் பதிலுக்கு ‘தற்காலிக மறுப்பு’ என்றும் குறித்து வைத்திருக்கிறேன். சரியாக இருக்குமா?

மீனா, திருமங்கலம்

செல்வி, இரண்டாவதற்கு ‘நயமறுப்பு’ என்று வைத்துப் பாருங்கள். நயம் என்பதில் மரியாதையும் இருக்கிறது, இதமும் இருக்கிறது. வாயில் எளிதாக வருகிறது. ‘தற்காலிக மறுப்பு’ என்பதிலும் பிழை இல்லை. மறுப்பு இப்போதைக்குத்தானே, தையில் அதே விலையைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாமே. முதலாவதற்கு ‘மறுவிலை’ போதும். மறுமொழி என்பதுபோல மறுவிலை.

பாலமுருகன், திருப்பரங்குன்றம்

என் மகன் வேலையை விட்டு நிற்கிறேன் என்று கடிதம் கொடுத்ததும், கம்பெனியில் சம்பளத்தைக் கூட்டித் தருகிறோம், போகாதே என்றார்கள். அதற்கும் கவுன்டர் ஆஃபர் என்றுதான் பெயர். அவன் அதை மறுத்துவிட்டு வேறு இடத்துக்குப் போனான். அதற்கு ‘மறுவிலை’ பொருந்தாது. மனிதருக்கு விலை என்று எப்படிச் சொல்வது? ‘தக்கவைப்புச் சலுகை’ என்று சொல்லலாம் என்பது என் எண்ணம்.

கணேசன், விளக்குத்தூண்

பாலமுருகன் தம்பி, அது வேறு விஷயம். செல்வியம்மா கேட்டது சரக்கு வாங்குகிற இடத்துப் பேச்சு.

நான் சுங்குடிச் சேலைக்கு வெள்ளைத் துணி வாங்குகிறவன். எங்கள் தெருவில் ஒரு கடையில் நடந்ததைச் சொல்கிறேன். மில்காரர் கூடுதல் விலை சொல்லி எழுதியிருந்தார். கடைக்காரர், ‘இப்போது வேண்டாம், தங்கள் விலையைக் கவனத்தில் வைத்துள்ளோம், பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று பதில் போட்டார். பத்து நாளில் லாரி வந்து நின்றது, மில்காரர் கேட்ட கூடுதல் விலைக்கே பில் போட்டு. பையன் ஒருவன் கையெழுத்துப் போட்டுப் பேல்களை இறக்கிக்கொண்டான். அப்புறம் பஞ்சாயத்து. ‘கவனத்தில் வைத்துள்ளோம்’ என்றால் சம்மதம் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

பெயர் எதுவாக இருந்தாலும் சரி, மறுத்தது மறுத்ததாகத் தெரிய வேண்டும்.

சீனிவாசன், கே.கே. நகர்

கணேசன் அண்ணன் சொன்ன கடையில் கடிதத்தோடு விவகாரம் நின்றிருந்தால் மில்காரருக்குப் பெரிய பிடி கிடைத்திருக்காது. சரக்கை இறக்கிக்கொண்டதுதான் வினை. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 8ஆம் பிரிவுப்படி, ‘சரி’ என்று எழுதாமலே நடத்தையாலும் ஒருவர் ஏற்றதாகிவிடலாம்.

மீனா டீச்சரின் ‘நயமறுப்பு’ எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் ‘தற்காலிக’ வேண்டவே வேண்டாம். தையில் அதே விலையைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று டீச்சர் எழுதியது நடக்காது. நாம் மறுத்த கணத்தில் மில்காரரின் 114 ரூபாய் முடிந்துபோகிறது. தையில் போய் ‘அன்று சொன்ன 114க்கே கொடுங்கள்’ என்றால் அவர் கொடுக்கக் கடமைப்பட்டவர் அல்ல. மறுப்பை ஒத்திவைக்கத்தான் நினைக்கிறோம் என்றால் மறுக்கவே கூடாது. ‘இந்த விலையை மாதக் கடைசி வரை நிறுத்தி வையுங்கள்’ என்று கேட்டு எழுத வேண்டும். அது வேறு கடிதம்.

நம் 108 என்ன ஆனது என்பதையும் பார்க்க வேண்டும். பலர் அது நிற்கிறது என்று நினைக்கிறார்கள். 1840இல் இங்கிலாந்தில் ஹைடு, ரென்ச் என்ற இருவருக்குள் வழக்கு. ரென்ச் தன் பண்ணையை 1,000 பவுண்டுக்குத் தருவதாகச் சொன்னார். ஹைடு 950 என்றார். ரென்ச் மறுத்தார். உடனே ஹைடு, சரி 1,000க்கே வாங்கிக்கொள்கிறேன் என்றார். நீதிமன்றம் ஒப்பந்தம் இல்லை என்றது, 950 என்று சொன்னபோதே 1,000 போய்விட்டது என்று. நம் சட்டத்தின் 7ஆம் பிரிவும் ஏற்பு நிபந்தனையின்றி முழுதாக இருக்க வேண்டும் என்கிறது. ஆகவே மில்காரர் 114 என்றபோதே நம் 108 செத்துவிட்டது. ‘அன்றைக்கு 108 என்றீர்களே, லோடு அனுப்பட்டுமா’ என்று அவர் பிறகு கேட்டால் நாம் கட்டுப்பட்டவர்கள் அல்ல. அந்த விலை இன்னும் நமக்கு வேண்டுமென்றால் தேதி போட்டுப் புதிதாகச் சொல்ல வேண்டும். கடிதம் இந்த இரண்டில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லாவிட்டால், நயம் எவ்வளவு இருந்தும் பயனில்லை.

திறந்திருப்பது பேச்சு மட்டும்தான், விலை அல்ல.

செல்வி, வில்லாபுரம்

நன்றி ஐயா. ‘தற்காலிக’த்தை எடுத்துவிட்டேன். மாதிரியை இப்படி மாற்றியிருக்கிறேன்:

> பொருள்: உளுந்தம்பருப்பு 5 டன் – நயமறுப்பு
>
> ஐயா, வணக்கம். தங்கள் 12ஆம் தேதிக் கடிதம் கிடைத்தது. கிலோ 114 ரூபாய், 15 நாள் தவணை என்று தெரிவித்திருந்தீர்கள். எங்கள் அப்பளத்துக்கு இப்போது கிடைக்கும் விலையில் இது எங்களுக்குக் கட்டுபடியாகவில்லை. ஆகவே இதை ஏற்க இயலவில்லை என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம். எங்கள் 8ஆம் தேதிக் கடிதத்தில் கேட்டிருந்த 108 ரூபாயும் இத்துடன் முடிந்ததாகக் கொள்ளவும். புதிய ஆர்டர் எழுத்தில் வராமல் சரக்கு அனுப்ப வேண்டாம்.
>
> தங்கள் பருப்பின் தரத்தில் எங்களுக்குக் குறை ஏதுமில்லை. தை மாதம் புது வரத்து வந்ததும் அன்றைய விலை கேட்டு எழுதுகிறோம். அப்போது பேசலாம்.

‘கட்டுபடியாகவில்லை’ பேச்சு வழக்குதான். மில்காரர் தப்பாக எடுக்க மாட்டார் என்பதால் விட்டுவிட்டேன்.

மீனா, திருமங்கலம்

விலை உயிரோடு இருக்காது என்பது எனக்குப் புதிய செய்தி. ஆனால், ‘சரக்கு அனுப்ப வேண்டாம்’ கொஞ்சம் அடிக்கிறது. ‘புதிய ஆர்டர் எழுத்தில் அனுப்பிய பிறகு சரக்கு அனுப்பக் கேட்டுக்கொள்கிறோம்’ என்றால் அதே பொருள்தான், முகம் சுளிக்காது.

கணேசன், விளக்குத்தூண்

டீச்சர் சொன்ன மாற்றம் நல்லது. ‘நயமறுப்பு’ சரி. ஆனால் அதைப் ‘பொருள்’ வரியில் போட வேண்டாம். மறுப்பு என்ற சொல்லை முதல் வரியிலேயே கண்டால் மீதியைப் படிக்கும்முன் மனசு கசந்துவிடும். ‘தங்கள் 12ஆம் தேதிக் கடிதம் தொடர்பாக’ என்று போடுங்கள். கலைச்சொல் உங்கள் தொகுப்பில் தலைப்பாக இருக்கட்டும். கவுன்டர் ஆஃபருக்கு ‘எதிர்விலை’யே இருக்கட்டும், ‘மறுவிலை’ என்றால் வாங்கியதைத் திரும்ப விற்கிற விலை என்று கடையில் நினைப்பார்கள்.

சீனிவாசன், கே.கே. நகர்

‘எதிர்விலை’யில் எனக்கு ஒரு தடை. மில்காரர் 108க்குச் சம்மதித்து, தவணையை மட்டும் 30 நாளிலிருந்து 15 ஆக்கியிருந்தால் விலை மாறவே இல்லை. ஆனால் அதுவும் கவுன்டர் ஆஃபர்தான், நம் கோரிக்கை அதிலும் முடிந்துவிடும். அதனால் ‘எதிர்முன்மொழிவு’ வேண்டும் என்பேன்.

கணேசன், விளக்குத்தூண்

ஐயா, ‘எதிர்முன்மொழிவு’ என்று எங்கள் குமாஸ்தா ஒருவரும் எழுத மாட்டார். தவணையும் விலையில் சேர்ந்ததுதான். 15 நாள் முன்னால் பணம் கொடுத்தால் வட்டி யாருடையது?

செல்வி, வில்லாபுரம்

இரண்டையும் குறித்துக்கொண்டேன். ‘நயமறுப்பு’ தொகுப்பில் ஏறுகிறது. தவணை மட்டும் மாறியபோது மில்காரர்கள் என்ன சொல் எழுதுகிறார்கள் என்று பழைய கடிதங்களைப் பார்க்கிறேன். கையில் இருப்பவர்கள் பெயரை மறைத்து அனுப்பினால் உதவியாக இருக்கும்.