ரீஅப்டேக்: தமிழில் என்ன சொல்வது?

அனுப்பியவர்: செந்தில், அல்சூர்

அனைவருக்கும் வணக்கம்.

ஞாயிறு வகுப்புப் பிள்ளைகளுக்காக நரம்பு பற்றி ஒரு தாள் எழுதிக்கொண்டிருக்கிறேன். எல்லாரும் பெங்களூரில் ஆங்கில வழியில் படிக்கிறவர்கள். தமிழ் வாசிப்பார்கள், ஆனால் பாடநூல் தமிழ் பழக்கமில்லை. நரம்புச் செல்கள் சந்திக்கும் சினாப்ஸ், அங்கே செய்தியைப் பெறும் ஏற்பி வரை வந்துவிட்டேன். ‘ரீஅப்டேக்’ வந்ததும் நின்றுவிட்டது. இப்போதைக்கு ‘மீளேற்பு’ என்று போட்டிருக்கிறேன். பத்தி இது:

“செய்தி சொல்ல ஒரு நரம்புச் செல் அனுப்பும் செரட்டோனின் என்ற வேதிப்பொருளை அடுத்த செல் ஏற்றுக்கொள்கிறது. வேலை முடிந்ததும் திருப்பி அனுப்புகிறது. இதுவே மீளேற்பு.”

சொல் சரியா? வேறு நல்ல சொல் இருந்தால் தாருங்கள்.

அனுப்பியவர்: மீனாட்சி, மல்லேஸ்வரம்

தம்பி செந்தில், சொல்லை அப்புறம் பார்க்கலாம். முதலில் பத்தியைத் திருத்துங்கள். அடுத்த செல் செரட்டோனினை உள்ளே எடுப்பதே இல்லை, அதனால் திருப்பி அனுப்பவும் அதனிடம் ஒன்றும் இல்லை. உடலியங்கியல் பாடம் எடுத்த காலத்தில் முதலாண்டு மாணவர்களில் பாதிப் பேர் இதைத்தான் எழுதுவார்கள். ‘ஏற்பி’ என்ற சொல்லே அப்படி நினைக்க வைக்கிறது.

நடப்பதை வரிசையாகப் பாருங்கள். அனுப்பும் செல்லின் நுனியில் செரட்டோனின் சின்னச் சின்ன நுண்பைகளில் அடைபட்டிருக்கிறது. ஒரு பையின் குறுக்களவு சுமார் 40 நானோமீட்டர். அதற்குள் சில ஆயிரம் மூலக்கூறுகள் இருக்கும். மின்துடிப்பு நுனிக்கு வந்ததும் கால்சிய வாயில்கள் திறக்கின்றன. செல்லுக்கு வெளியே கால்சியத்தின் செறிவு உள்ளே இருப்பதைப் போல 10,000 மடங்கு என்பதால், திறந்த கணத்தில் அது உள்ளே பாய்கிறது. பையையும் செல்சவ்வையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு தயாராக நிற்கும் புரதங்களுக்குக் கால்சியம்தான் உத்தரவு. பை சவ்வோடு ஒட்டித் திறந்து, உள்ளிருப்பதை வெளியே கொட்டிவிடும். இதெல்லாம் ஒரு மில்லி நொடிக்குள் முடிந்துவிடும்.

அடுத்த செல்லுக்கு முன் இருக்கும் இடைவெளி சுமார் 20 நானோமீட்டர்தான், பையின் குறுக்களவில் பாதி. மூலக்கூறுகள் தாமாகவே பரவி எதிர்ப்பக்கம் போய், ஏற்பியில் கொஞ்ச நேரம் ஒட்டும், பிறகு விலகும். அந்தக் கொஞ்ச நேரத்தில் ஏற்பி தன் வடிவத்தை மாற்றிக்கொண்டு, தன் செல்லுக்குள் செய்தியைக் கிளப்பிவிடுகிறது. உள்ளே போவது செய்திதான். மூலக்கூறு இடைவெளியிலேயே நிற்கிறது.

நின்றால் மறுபடி ஒட்டும், மறுபடி செய்தி கிளம்பும். அதனால் இடைவெளியைக் காலி செய்தாக வேண்டும். செரட்டோனினைப் பொறுத்தவரை அதைச் செய்வது அனுப்பிய செல்தான். அதன் சவ்வில் ஒரு புரதம் இருக்கிறது. சோடியம் உள்ளே வரத் துடிக்கும் வேகத்தைப் பயன்படுத்தி, செரட்டோனினையும் கூடவே உள்ளே கொண்டுவந்துவிடும். ரீஅப்டேக் என்பது அதுதான். உள்ளே வந்ததில் ஒரு பகுதி மறுபடி பைக்குள் போகும், மீதியை நொதி உடைக்கும்.

ஆகவே ‘மீளேற்பு’ வேண்டாம். ஏற்பி செய்யும் வேலை என்று படும். ஏற்பிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இருப்பதும் எதிரெதிர்ப் பக்கத்தில்.

அனுப்பியவர்: கதிரேசன், ஒயிட்ஃபீல்டு

மீனாட்சி அம்மா சொன்னதைப் படித்ததும் கோலிசோடா பாட்டில்தான் நினைவுக்கு வந்தது. குடித்துவிட்டு பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் கம்பெனி மறுபடி நிரப்பி அனுப்பும். செரட்டோனின் போன்ற எல்லா நரம்புக் கடத்திகளும் இப்படித்தானே? அப்படியென்றால் ‘மீளிழுப்பு’ என்று வைக்கலாம். தமிழாகவும் இருக்கிறது, செயலும் கண்ணுக்குத் தெரிகிறது. ‘மீளுறிஞ்சல்’ வேண்டாம். பாடநூலில் சிறுநீரகத்துக்கு மீள உறிஞ்சுதல் என்று ஏற்கெனவே இருக்கிறது, அங்கே நடப்பது வேறு.

அனுப்பியவர்: லூர்து மேரி, சிவாஜிநகர்

கதிரேசன் சார், இழுப்பு மட்டும் வேண்டவே வேண்டாம். முப்பது வருஷம் வார்டில் வேலை பார்த்தவள் சொல்கிறேன். ‘பிள்ளைக்கு இழுப்பு’ என்று தூக்கிக்கொண்டு ஓடி வந்தால் வலிப்பு என்று அர்த்தம். கிழவர் ‘இழுப்பு வந்துடுச்சு’ என்றால் ஆஸ்துமா. நரம்பு பற்றிய தாளில் ‘செரட்டோனின் மீளிழுப்பு’ என்று போட்டால் வலிப்பு திரும்ப வருவதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள் என்றுதான் வீட்டில் படிப்பார்கள்.

‘உள்வாங்கல்’ எப்படி? கடல் உள்வாங்கியது என்கிறோமே, எல்லாருக்கும் தெரிந்த சொல்.

அனுப்பியவர்: பாஸ்கர், ஸ்ரீராமபுரம்

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். என் தம்பிக்கு மனச்சோர்வுக்கு எஸ்சிட்டலோபிராம் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், பத்து நாள் ஆகிறது. ‘செரட்டோனின் ரீஅப்டேக் தடுப்பான்’ என்று படித்தேன். செரட்டோனின் குறைவு என்று சொல்லிவிட்டு செரட்டோனினைத் தடுக்கிற மாத்திரையையே கொடுப்பார்களா? அவனுக்கும் பெரிதாக மாற்றம் தெரியவில்லை. நிறுத்திவிடலாமா என்று யோசிக்கிறான். நீங்கள் சொல் தேடும்போது இதையும் பாருங்கள்.

அனுப்பியவர்: மீனாட்சி, மல்லேஸ்வரம்

பாஸ்கர், நல்ல கேள்வி. நாம் வைக்கும் சொல்லுக்கும் இதுதான் சோதனை. மாத்திரை தடுப்பது செரட்டோனினை அல்ல. அதைத் திரும்ப உள்ளே எடுக்கும் அந்தப் புரதத்தைத் தடுக்கிறது. வழி அடைபட்டதால் செரட்டோனின் இடைவெளியில் கூடுதல் நேரம் நிற்கும். ‘செரட்டோனின் குறைவு’ என்ற விளக்கத்தை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். மனச்சோர்வு அவ்வளவு எளிய கணக்கில் அடங்குவதில்லை.

பத்து நாளில் மாற்றம் தெரியாதது வழக்கமானதே. புரதம் சில மணி நேரத்திலேயே அடைபட்டுவிடும், ஆனால் பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரம் வரை ஆகும். ஒரு விளக்கம் இப்படி: அனுப்பும் செல்லும் தன் செரட்டோனினைத் தானே கண்காணிக்கிறது. வெளியே அதிகம் இருப்பது தெரிந்ததும் ஆரம்பத்தில் அனுப்புவதைக் குறைத்துவிடும். அந்தக் கண்காணிப்பு மழுங்க வாரக்கணக்கில் ஆகிறது. இது முழு விளக்கம் இல்லை.

தம்பி தானாக நிறுத்த வேண்டாம், எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் கேட்டுச் செய்யட்டும். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், மின்னல் வெட்டியது போன்ற உணர்வு வரலாம். வலிக்கு டிராமடால் யாராவது கொடுத்தால் இந்த மாத்திரையைப் பற்றி அவர்களிடம் கட்டாயம் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்து செரட்டோனின் அளவுக்கு மீறிப் போனால் நடுக்கம், வியர்வை, காய்ச்சல், பதற்றம் என்று தொடங்கும். அப்படி வந்தால் வீட்டில் காத்திருக்கக் கூடாது.

கதிரேசன், உங்கள் சோடா பாட்டில் பாதிதான் பொருந்தும், அதுவும் செரட்டோனினுக்கு அல்ல. தசையை இயக்கும் நரம்பில் வெளிவருவது அசிட்டைல்கோலின். அங்கே இடைவெளியிலேயே ஒரு நொதி காத்திருந்து, வந்த உடனே அதைக் கோலினாகவும் அசிட்டேட்டாகவும் உடைத்துவிடுகிறது. ஒரு நொதி மூலக்கூறு நொடிக்கு ஆயிரக்கணக்கில் உடைக்கும். கோலின் மட்டும் அனுப்பிய செல்லுக்குத் திரும்பும், அது காலி பாட்டில். செரட்டோனின் திரும்பும்போது முழுதாகவே, நிரம்பிய பாட்டிலாகவே திரும்புகிறது.

தசையில் அந்த நொதி நின்றுபோனால் என்னவாகும் என்பதை லூர்து மேரி பார்த்திருப்பார். ஆர்கனோபாஸ்பரஸ் பூச்சிமருந்து குடித்தவர்களுக்கு எச்சிலும் கண்ணீரும் ஒழுகும், தசை துடிக்கும், பிறகு செயலிழக்கும். மூச்சுக்கான தசையும் அதில் சேரும். அதற்குக் கொடுக்கும் அட்ரோபின் மருந்து எச்சிலையும் சளியையும் கட்டுப்படுத்தும், தசை செயலிழப்பை மாற்றாது. அதனால்தான் சிலருக்கு மூச்சுக் கருவி தேவைப்படுகிறது.

இரண்டும் ஒரே வழி என்று ஒரு காலத்தில் ஆய்வாளர்களும் நினைத்தார்கள். எங்கும் நொதிதான் உடைக்கிறது என்று. 1961இல் ஜூலியஸ் ஆக்சல்ராடும் அவர் கூட்டாளிகளும் நாரட்ரினலின் என்ற இன்னொரு நரம்புக் கடத்தியில் கதிரியக்க அடையாளம் போட்டு, அதைப் பூனைக்குச் செலுத்திப் பார்த்தார்கள். அதற்கு முன்பே ஒரு பக்கத்தின் கழுத்து நரம்பு முடிச்சை எடுத்துவிட்டு, நரம்பு நலிந்துபோகும்வரை காத்திருந்தார்கள். நரம்பு இருந்த பக்கத்தின் திசுக்களில் நாரட்ரினலின் சேர்ந்தது, நரம்பு போன பக்கத்தில் சேரவில்லை. உள்ளே எடுப்பது நரம்பு நுனிதான் என்று அதிலிருந்து தெரிந்தது. 1970இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்த பணியில் இதுவும் அடங்கும்.

சரி, சொல். லூர்து மேரியின் ‘உள்வாங்கல்’ எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் செரட்டோனினோடு ஒட்டிப் போட்டால் பாஸ்கரின் குழப்பம் அப்படியேதான் இருக்கும். ‘செரட்டோனின் உள்வாங்கலைத் தடுக்கும் மருந்து’ என்று இரண்டாம் வேற்றுமையோடு எழுதுங்கள். எதைத் தடுக்கிறது என்பது அந்த ‘ஐ’யில் நிற்கிறது. ‘தடுப்பான்’ என்று முடிக்கும்போது அது காணாமல் போகிறது.

அனுப்பியவர்: செந்தில், அல்சூர்

அம்மா, மிக்க நன்றி. பத்தியை மாற்றியிருக்கிறேன்: “செரட்டோனின் ஏற்பியில் ஒட்டி விலகுகிறது, அடுத்த செல்லுக்குள் போவதில்லை. அனுப்பிய செல்லே அதைத் திரும்ப உள்வாங்கிக்கொள்கிறது.” தலைப்பில் ‘மீள் உள்வாங்கல்’ என்று இருக்கட்டுமா? வெறும் உள்வாங்கல் என்றால் அடுத்த செல் என்று மறுபடி நினைப்பார்களோ என்று பயம்.

அனுப்பியவர்: மீனாட்சி, மல்லேஸ்வரம்

செரட்டோனினுக்கு ‘மீள்’ சரியாகப் பொருந்தும். குளூட்டமேட் என்ற நரம்புக் கடத்திக்குப் பொருந்தாது. மூளையில் குளூட்டமேட்டைப் பெரும்பாலும் எடுத்துக்கொள்வது பக்கத்தில் இருக்கும் விண்மீன் வடிவத் துணைச் செல். அந்தச் செல் அதை அனுப்பியதே இல்லை, எங்கிருந்து ‘மீள்’ வரும்? குளூட்டமினாக மாற்றி நரம்புச் செல்லுக்குத் தருகிறது, அங்கே மறுபடி குளூட்டமேட் ஆகிறது. பொதுச் சொல்லாக உள்வாங்கல் இருக்கட்டும், யார் என்பதை வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள்.

அனுப்பியவர்: கதிரேசன், ஒயிட்ஃபீல்டு

எனக்கு ஒப்பவில்லை, அம்மா. கலைச்சொல் என்றால் வாக்கியத்தின் உதவியில்லாமல் தனியாக நிற்க வேண்டும். அனுப்பிய செல் எடுத்தால் மீள் உள்வாங்கல், துணைச் செல் எடுத்தால் உள்வாங்கல் என்று இரண்டாக வைக்கலாமே. ஆங்கிலத்தில் இரண்டையும் ஒரே சொல்லாகக் குழப்புகிறார்கள் என்பதற்காக நாமும் குழப்ப வேண்டுமா?

அனுப்பியவர்: லூர்து மேரி, சிவாஜிநகர்

இரண்டாக வைத்தாலும் ஒன்றாக வைத்தாலும் எனக்குச் சம்மதம். செந்தில், அச்சுக்குப் போகும் முன் பாஸ்கரின் தம்பியிடம் அந்தப் பக்கத்தைப் படிக்கக் கொடுங்கள். மாத்திரை எதைத் தடுக்கிறது என்று அவர் திருப்பிச் சொல்லட்டும்.