புதன்கிழமை விடியலில் மணி அடிக்க ஒரே ஆள்: வார்டன், சமையல் டூட்டியில் எங்கே பிசகுகிறது?

விடுதிக்கணக்கு (கேள்வி)

வணக்கம். நாமக்கல் பக்கம் ஒரு தனியார் பள்ளியின் பெண்கள் விடுதியைப் பார்த்துக்கொள்கிறேன். பிள்ளைகள் 140 பேர். வார்டன்கள் நான்கு பேர். சமையலில் ஒரு மாஸ்டர், இரண்டு துணை ஆட்கள்.

வார்டன்களுக்குக் காலை 5 முதல் 9 வரை எழுப்பி, குளிக்க வைத்து, சாப்பிட வைத்துப் பள்ளிக்கு அனுப்பும் வேலை. மாலை 4.30 முதல் 9.30 வரை ஸ்டடியும் சாப்பாடும். இரவு 9.30 முதல் விடிகாலை 5 வரை காவல். காலைக்கு இருவர், மாலைக்கு இருவர். காலை பார்த்தவரே நடுவில் ஓய்வெடுத்துவிட்டு மாலையும் பார்ப்பார். இரவுக்கு ஒருவர். ஆக நாளுக்கு மூன்று பேர், வாரத்துக்கு 21 டூட்டி. நான்கு பேர் ஆளுக்கு ஆறு நாள் வந்தால் 24. மூன்று மிச்சமே இருக்கிறது.

இதில் ஒரு நிபந்தனை. மாஸ்டரும் வார்டன் 1-ம் கணவன் மனைவி. இருவருக்கும் ஒரே நாளில் விடுமுறை வேண்டும் என்று கேட்டார்கள், நியாயம்தான். புதன் கொடுத்தேன். வார்டன் 2-க்கு வியாழன், 3-க்கு வெள்ளி, 4-க்குத் திங்கள். ஞாயிறு பெற்றோர் வரும் நாள், யாருக்கும் லீவு கிடையாது. இரவு டூட்டி திங்கள், செவ்வாய் வார்டன் 2, புதன், வியாழன் 3, வெள்ளி, சனி 4, ஞாயிறு 1.

ஷீட்டில் ஒவ்வொரு நாளின் கீழும் இதைப் போட்டிருக்கிறேன். `வி` என்றால் விடுமுறை.

```
=COUNTIF(C2:C5,"<>வி")
```

எல்லா நாளும் 3 அல்லது 4 என்றுதான் காட்டுகிறது. ஆனால் ஒவ்வொரு வாரமும் திங்களும் புதனும் விடிகாலை ஒரே ஆள்தான் நிற்கிறார். போன புதன் வார்டன் 4 மட்டும் இருந்தார். வெந்நீர் வரிசையில் ஒரே கூச்சல், ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் பாதிப் பேர் குளிக்காமலே பள்ளிக்குப் போனார்கள். எங்கே தப்பு?

சென்னை_பிஜி

நாங்கள் வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதி நடத்துகிறோம். எல்லாருக்கும் ஒரே நாள் லீவு என்றால் ஞாயிறு மாலை சமையலறையை மூடிவிடுங்கள். மதியம் பிரியாணியோடு சரி, இரவுக்கு அவரவர் வெளியே பார்த்துக்கொள்வார்கள். எங்களிடம் யாரும் குறை சொன்னதில்லை.

விடுதிக்கணக்கு

எல்லாருக்கும் ஒரே நாள் இல்லை மேடம், அந்தத் தம்பதிக்கு மட்டும். அதோடு எங்களிடம் இருப்பது பள்ளிப் பிள்ளைகள். இரவுச் சாப்பாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது.

பழைய_காப்பாளர்

தம்பி, இதற்கு ஷீட்டெல்லாம் எதற்கு? நான் அரசு விடுதியில் காப்பாளராக இருந்தவன். உங்களுக்கு ஆள் பற்றவில்லை, அவ்வளவுதான். ஐந்தாவதாக ஒருவரைப் போடுங்கள். நிர்வாகம் ஒத்துக்கொள்ளாவிட்டால் இரவு பார்த்தவரே 9 மணி வரை நின்று பிள்ளைகளை அனுப்பிவிட்டுப் போகட்டும். நாங்கள் அப்படித்தான் ஓட்டினோம்.

விடுதிக்கணக்கு

ஐயா, அதையும் செய்து பார்த்தேன். இரவு 9.30-க்கு ஏறியவர் காலை 9 வரை நின்றால் பதினொன்றரை மணி நேரம். இரண்டாவது வாரமே ஒருவர் படிக்கட்டில் உட்கார்ந்தபடி தூங்கிவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வார்டு_சிஸ்டர்

மருத்துவமனையில் நர்ஸ்களுக்கு டூட்டி போட்டுப் பல வருடம் ஆகிறது. உங்கள் கணக்கில் ஆள் குறையவில்லை. வாரத்துக்குக் கூட்டினால் சரியாகத்தான் வருகிறது. பிசகு இரவு ஆள் மாறுகிற நாளில் இருக்கிறது.

புதன்கிழமையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வார்டன் 1 லீவு. செவ்வாய் இரவு பார்த்த வார்டன் 2 புதன் விடிகாலை 5-க்குத்தான் இறங்குகிறார். உங்கள் ஷீட்டில் அவர் அன்றைக்கு 'இருக்கிறார்', ஆனால் தூங்கப் போக வேண்டியவர். வார்டன் 3 புதன் இரவு ஏறப் போகிறவர், அவரைக் காலையில் இழுக்கக் கூடாது. மிச்சம் யார்? வார்டன் 4. திங்களும் இதே கதைதான்: 4 லீவு, 1 இரவு முடித்து இறங்குகிறார், 2 அன்றிரவு ஏறுகிறார், 3 தனியாக நிற்கிறார்.

வெள்ளிக்கிழமையும் இரவு ஆள் மாறுகிறது, ஆனால் அன்று பிரச்சினை இல்லை. ஏனென்றால் இறங்குகிற வார்டன் 3-க்கே அன்று லீவு. ஞாயிறும் மாறுகிறது, அன்று யாருக்கும் லீவு இல்லாததால் தப்பித்தீர்கள். ஆக, இரவு ஆள் மாறும் நாளில் வேறு ஒருவருக்கு லீவு இருந்தால் காலையில் ஓர் ஆள் விழும். இறங்குகிறவருக்கே லீவு என்றால் விழாது.

உங்கள் சூத்திரத்துக்கு நேற்றைய இரவு தெரியவில்லை. காலையும் மாலையும் பார்ப்பவருக்கு `ப`, மாலை மட்டும் வருபவருக்கு `மா`, இரவுக்கு `இ`, லீவுக்கு `வி` என்று போடுங்கள். போன ஞாயிறை B-யிலும், திங்களை C-யிலும் தொடங்கி, C-யின் கீழே இதை வைத்து வலப்பக்கம் இழுங்கள்:

```
=COUNTIFS(C2:C5,"ப",B2:B5,"<>இ")
```

எந்த நாளில் 2-க்குக் கீழே போகிறதோ அங்கேதான் ஓட்டை.

விடுதிக்கணக்கு

சிஸ்டர், போட்டுப் பார்த்தேன். புதன் 1 என்று வருகிறது. ஆனால் திங்கள் 2 காட்டுகிறதே?

வார்டு_சிஸ்டர்

B காலியாக இருக்கும். போன ஞாயிறு இரவு யார் என்று அதில் எழுதுங்கள்.

விடுதிக்கணக்கு

ஆமாம், காலியாகத்தான் இருந்தது. இப்போது திங்களும் 1. சரி, ஓட்டை தெரிந்துவிட்டது. புதனை மாற்ற முடியாது, அந்தத் தம்பதிக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். எப்படி அடைப்பது?

வார்டு_சிஸ்டர்

இரவை இரண்டு இரண்டு நாளாகத் துண்டு போடாதீர்கள். வாரத்தில் இரண்டே தடவை மாறட்டும், இறங்குகிற நாளே அவருக்கு லீவாகட்டும். வார்டன் 2-க்குத் திங்கள் முதல் வியாழன் வரை இரவு, வெள்ளி லீவு. வார்டன் 3-க்கு வெள்ளி, சனி, ஞாயிறு இரவு, திங்கள் லீவு. வார்டன் 4-க்கு வியாழன் லீவு. வார்டன் 1-க்குப் புதன்.

```
        ஞா | தி  செ  பு  வியா வெ  ச   ஞா
வார்டன் 1  ப  | ப   ப   வி  ப   ப   ப   ப
வார்டன் 2  ப  | இ   இ   இ   இ   வி  மா  ப
வார்டன் 3  இ  | வி  மா  ப   ப   இ   இ   இ
வார்டன் 4  ப  | ப   ப   ப   வி  ப   ப   ப
```

தினமும் காலைக்கு இருவர் வந்துவிடுவார்கள், ஞாயிறு மூவர்.

இதில் இரண்டு `மா` இருப்பதைக் கவனியுங்கள். வெள்ளி விடிகாலை 5-க்கு இறங்கியவரைச் சனி காலை 5-க்கே கூப்பிட்டால் அவருக்குக் கிடைத்தது 24 மணி நேரம். அதில் பாதி தூக்கத்திலேயே போய்விடும். எங்கள் பக்கம் அதை நைட் ஆஃப் என்போம், லீவுக் கணக்கில் சேர்க்க மாட்டோம். சனி மாலை 4.30-க்கு வரச் சொன்னால் முப்பத்தைந்தரை மணி நேரம் ஆகிறது. தூங்கி எழுந்து ஊருக்கும் போய் வரலாம்.

வார்டன் 1-க்குச் செவ்வாய் இரவு மட்டும் எந்த மாதமும் போடாதீர்கள். தாளில் இருவருக்கும் புதன்தான் லீவு என்று இருக்கும். மாஸ்டர் பையைத் தூக்கிக்கொண்டு நிற்பார், அந்த அம்மா தூங்கிக்கொண்டிருப்பார்.

பழைய_காப்பாளர்

இது நன்றாக இருக்கிறது. ஆனால் வாராவாரம் ஆட்களை மாற்றிப் போட வேண்டுமே? ஒரே ஆள் எத்தனை நாள் இரவு பார்ப்பார்?

வார்டு_சிஸ்டர்

வாராவாரம் மாற்றினால்தான் கெடும், ஐயா. திங்கள் லீவு எடுத்த வார்டன் 3 அடுத்த வாரமே வார்டன் 2-ன் வரிசைக்குப் போனால், அடுத்த லீவு பதினொரு நாள் கழித்துத்தான் வரும். வரிசையை ஒரு மாதம் அப்படியே விடுங்கள். பிள்ளைகள் மாதம் ஒருமுறை ஊருக்குப் போகும் சனி, ஞாயிறு இருக்கிறதல்லவா? அப்போது மாற்றினால் யாருக்கும் இடிக்காது.

மெஸ்_மாஸ்டர்_கரூர்

எல்லாரும் வார்டனையே பேசுகிறீர்கள், அடுப்பை யார் பார்ப்பது? மாஸ்டர் புதன் லீவு என்றால் அடி விழுவது புதன் இல்லை, வியாழன் காலைக்கு. 140 பிள்ளைக்கு ஆளுக்கு நான்கு இட்லி என்றாலும் 560. பத்துப் பன்னிரண்டு கிலோ அரிசியைப் புதன் மதியம் ஊறவைத்து மாலையில் ஆட்ட வேண்டும். உளுந்து பொங்கப் பொங்க ஆட்டுகிற பதம், உப்பு, குளிர் நாளில் எங்கே மூடி வைப்பது, இதெல்லாம் மாஸ்டர் கையோடு போகிற விஷயம். துணை ஆள் ஆட்டினால் வியாழன் காலை கல் இட்லிதான்.

வியாழன் காலையை வெண்பொங்கலுக்கு மாற்றிவிடுங்கள், மாவே வேண்டாம். புதன் இரவு சப்பாத்தி வைக்காதீர்கள், அதற்கு ஆள் பலம் வேண்டும். சாம்பார் சாதம், பொரியல், அப்பளம் போதும். மசாலாப் பொடியைச் செவ்வாயே மாஸ்டர் அளந்து டப்பாவில் வைத்துவிட்டுப் போகட்டும்.

விடுதிக்கணக்கு

அண்ணா, வியாழன் இட்லி ஏன் எப்போதும் புளித்துக் கல்லாக இருக்கிறது என்று ஒரு வருடமாக அரிசிக்கடைக்காரரிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்!

விடுதிக்கணக்கு (மூன்று வாரம் கழித்து)

நிலவரம் சொல்லிவிடுகிறேன். திங்கள், புதன் காலைகள் சரியாகிவிட்டன. வெந்நீர் வரிசையில் ஒருவர், சாப்பாட்டுக் கூடத்தில் ஒருவர் என்று நிற்கிறார்கள். வியாழன் வெண்பொங்கலுக்குப் பிள்ளைகள் முதல் வாரம் முகம் சுளித்தார்கள், இப்போது நெய் வாசனைக்கே வந்து நிற்கிறார்கள்.

இரண்டு சிக்கல் மிச்சம். ஒன்று, வார்டன் 1-க்கு இரவே இல்லை என்று மற்றவர்களுக்குப் புகைச்சல். இன்னொன்று சமையலில். துணை ஆட்கள் இருவரும் அண்ணன் தம்பி. மாஸ்டருக்கு மட்டும் ஜோடி லீவு, எங்களுக்கு இல்லையா என்று கேட்கிறார்கள். இருவரும் ஒன்றாகப் போனால் அடுப்படியில் மாஸ்டர் மட்டும்தான். ஒரு வேளைச் சமையலுக்கே குறைந்தது இருவர் வேண்டும்.

வார்டு_சிஸ்டர்

முதல் சிக்கலுக்கு மணிக்கணக்கைக் கூட்டிக் காட்டுங்கள். வார்டன் 1-ம் 4-ம் வாரத்துக்கு 54 மணி நேரம். இரவு பார்க்கும் வார்டன் 2 வெறும் 44, வார்டன் 3-க்கு நாற்பத்தைந்தரை. இரவுக்காரர்தான் குறைந்த நேரம் வேலை செய்கிறார். ஆனாலும் ஒன்று சொல்கிறேன், இரவு ஒரு மணி நேரம் பகல் ஒரு மணி நேரம் ஆகாது. நான் கணக்குக் காட்டிய இடத்தில் பாதிப் பேர் சமாதானம் ஆனார்கள், பாதிப் பேர் ஆகவில்லை. இரவுக்குத் தனிப் படி கொடுக்க முடியுமா என்று நிர்வாகத்தைக் கேளுங்கள்.

மெஸ்_மாஸ்டர்_கரூர்

அண்ணன் தம்பிக்கு வாராவாரம் சேர்ந்த லீவு நடக்காது, தம்பி. மூன்று பேர் அடுப்பில் ஒரே நாளில் இருவர் இல்லையென்றால் யார் வந்தாலும் ஒப்பேற்ற முடியாது. பிள்ளைகள் ஊருக்குப் போகும் அந்த சனி, ஞாயிறை அவர்களுக்கு எழுதிக் கொடுங்கள், வேறு யாரையும் சேர்க்காமல். அதற்கு மேல் வேண்டுமென்றால் காய் வெட்டும் அம்மாக்களில் ஒருவருக்குப் பொங்கலும் உப்புமாவும் கிண்டக் கற்றுக்கொடுங்கள். சம்பளத்தையும் ஏற்றிக் கொடுங்கள்.

விடுதிக்கணக்கு

சம்பளம் என்றதும் நிர்வாகம் யோசிக்கும். அந்த அம்மாவிடம் இன்று கேட்டேன். "எனக்கும் ஞாயிறு லீவு வேண்டுமே சார்" என்கிறார்.