சோடியம் லூப்: கணக்கில் 4 டிகிரி, அளவில் 16 டிகிரி

லூப்பில்_இருந்தவன்

திரவ உலோகத்தோடு மல்லுக்கட்டியவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள். முதலில் என்னுடையது.

ஆய்வு மாணவனாக இருந்தபோது ஒரு சின்ன சோடியம் லூப்பில் வேலை. உள்விட்டம் 20 மி.மீ., சுவர் 2 மி.மீ. கொண்ட ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய். வெளியே மின் ஹீட்டர் சுற்றியிருந்தது. சோடியம் 400 டிகிரியில் விநாடிக்கு 2 மீட்டர் ஓடியது. உள்சுவரில் சதுர மீட்டருக்கு 500 கிலோவாட் கொடுத்தோம்.

சுவர் எவ்வளவு சூடாகும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டேன். கையில் இருந்தது தண்ணீருக்குப் போட்டுப் பழகிய டிட்டஸ்–போயல்டர் சமன்பாடுதான். ஓட்டத்தின் கொந்தளிப்பைக் காட்டும் ரெனால்ட்ஸ் எண் சுமார் 1,22,000, பிசுக்குமையை வெப்பப் பரவலால் வகுத்த பிராண்டல் எண் 0.00513. சுவரிலிருந்து திரவத்துக்கு வெப்பம் எவ்வளவு நன்றாகப் போகிறது என்று சொல்லும் நஸ்ஸெல்ட் எண் 33 வந்தது. அதாவது உள்சுவர் சோடியத்தைவிட 4 டிகிரிதான் சூடாக இருக்க வேண்டும்.

அளந்தால் 16! தெர்மோகப்பிள்தான் பழுது என்று முடிவுகட்டி மாற்றினேன். மறுபடியும் 16. இரண்டு வாரம் கருவியைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன், சமன்பாட்டின் மேல் சந்தேகமே வரவில்லை. பிறகு ஒரு சீனியர் லியானின் 1951ஆம் ஆண்டுச் சமன்பாட்டைக் காட்டினார்:

```
Nu = 7 + 0.025 Pe^0.8
```

ரெனால்ட்ஸ் எண்ணையும் பிராண்டல் எண்ணையும் பெருக்கினால் வரும் பெக்லே எண் எங்களுக்கு 626. நஸ்ஸெல்ட் 11.3, வித்தியாசம் 12.6 டிகிரி. பெரும்பகுதி சரியாகிவிட்டது. மீதி 3.4 டிகிரி எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பாதரசம்77

எனக்கும் இதே கதை நடந்தது, பாதரசத்தில். உலோகம் வெப்பத்தை நன்றாகக் கடத்துவதால் பழைய சமன்பாடு எப்போதும் அதிகமாகவே காட்டும். நான் டிட்டஸ்–போயல்டர் விடையை மூன்றால் வகுத்துவிட்டு வேலையைப் பார்ப்பேன். உங்கள் கணக்கிலும் 33, 11 என்று அதுதானே வருகிறது?

பழைய_வெப்பப்பொறியாளர்

மூன்றால் வகுப்பது ஆபத்து, நண்பரே. இதே குழாயில் ஓட்டத்தைக் குறைத்து ரெனால்ட்ஸ் எண்ணை 10,000-க்குக் கொண்டுவாருங்கள். டிட்டஸ்–போயல்டர் 4.4 காட்டும், லியான் 7.6 காட்டும். அங்கே பழைய சமன்பாடு குறைவாகச் சொல்கிறது. அதையும் மூன்றால் வகுத்தால் விடை எங்கே போய் நிற்கும்? வேகமான ஓட்டத்தில் மேலே, மெதுவான ஓட்டத்தில் கீழே என்று அது இரண்டு பக்கமும் தவறும். அதனால் ஒரே எண்ணால் திருத்த முடியாது.

காரணம் இதுதான். தண்ணீரில் வெப்பத்துக்கு உள்ள தடை கிட்டத்தட்ட முழுவதும் சுவரை ஒட்டிய மெல்லிய படலத்தில் இருக்கிறது. அதைத் தாண்டிவிட்டால் சுழல்கள் வெப்பத்தை வாரிக்கொண்டு போய்விடும். பழைய சமன்பாடு அந்தப் படலத்தின் கதையைத்தான் சொல்கிறது. சோடியத்தில் அப்படி ஒரு தனிப் படலம் கிடையாது. நம் நண்பரின் ஓட்டத்தில், சுழல்கள் மிக வலுவாக இருக்கும் இடத்தில்கூட அவற்றின் கலக்கல் பிசுக்குமையைப்போல் ஏறத்தாழ 200 மடங்கு. சோடியத்தின் சொந்த வெப்பப் பரவலும் அதே 200 மடங்குக்கு அருகில்தான். குழாயின் நடுவிலும் சுழலுக்குச் சமமாக உலோகமே வெப்பத்தைக் கடத்துகிறது. தடை குழாய் முழுக்க விரிந்து கிடக்கிறது.

லியானின் அந்த 7 இங்கிருந்துதான் வருகிறது. ஓட்டம் எவ்வளவு மெதுவானாலும் கடத்தல் நிற்காது, ஆகவே நஸ்ஸெல்ட் ஓரளவுக்குக் கீழே இறங்காது. பெக்லே எண்ணில் பிசுக்குமையே இல்லை என்பதையும் கவனியுங்கள். தண்ணீர்க் கணக்கில் அதுதான் எஜமான், இங்கே அதற்கு வேலையே இல்லை.

உப்புக்காரி

எங்களுக்கு இந்தப் பிரச்சினையே வரவில்லையே! உருகிய நைட்ரேட் உப்பை 400 டிகிரியில் குழாயில் ஓட்டுகிறோம். சாதாரணச் சமன்பாடுகளை வைத்தே வடிவமைத்தோம், அளவும் ஒத்துப்போனது. நீங்கள் வெப்பநிலையைச் சரியாக அளக்கவில்லையோ?

பழைய_வெப்பப்பொறியாளர்

அம்மா, உங்களுடையது உப்பு, உலோகம் இல்லை. அந்தச் சூட்டில் அதன் பிராண்டல் எண் 5-ஐ ஒட்டி இருக்கும். அது தண்ணீரின் உறவுக்காரர். திரவம் கொதிக்கக் கொதிக்கச் சூடாக இருப்பதால் சமன்பாடு உடைவதில்லை, பிராண்டல் எண் அவ்வளவு சின்னதாக இருப்பதால்தான் உடைகிறது.

ஆனால் அளவீடு பற்றிக் கேட்டீர்களே, அது நல்ல கேள்வி. லூப் தம்பி, உங்கள் தெர்மோகப்பிள் சுவருக்குள் எந்த ஆழத்தில் இருந்தது?

லூப்பில்_இருந்தவன்

சுவரில் காடி வெட்டி 1 மி.மீ. உறை போட்ட தெர்மோகப்பிளைப் பதித்து பிரேசிங் செய்தோம் சார். முனை சுவரின் நடுவில் இருப்பதாக வைத்துக்கொண்டு உள்சுவர் வெப்பநிலைக்குக் கணக்கிட்டோம்.

பழைய_வெப்பப்பொறியாளர்

அங்கேதான் பேய் இருக்கிறது. அந்த ஸ்டீலின் கடத்துதிறனை மீட்டர்-கெல்வினுக்கு 20 வாட் என்று வைத்தால் 2 மி.மீ. சுவரில் மட்டும் 50 டிகிரி விழுகிறது. நீங்கள் தேடும் சோடியம் பக்க வித்தியாசமோ 12. முனை நீங்கள் நினைத்ததைவிட 0.15 மி.மீ. வெளியே தள்ளியிருந்தால் போதும், 3.75 டிகிரி கூடுதலாகக் காட்டும். உங்கள் 3.4 அதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

ஹீட்டரை அணைத்து எல்லாத் தெர்மோகப்பிளும் ஒரே அளவு காட்டுகிறதா என்று பார்த்திருப்பீர்கள். கருவியின் பிழை அதில் தெரியும், இடப்பிழை தெரியாது. வெப்பம் பாய்ந்தால்தான் இடம் முக்கியமாகிறது. வெப்பத்தைக் கூட்டிக் குறைத்தும் பயனில்லை, இடப்பிழையும் சோடியம் பக்க வித்தியாசமும் ஒரே விகிதத்தில் ஏறி இறங்கும்.

சிமுலேஷன்_மாணவன்

அண்ணா, நான் வேறு மாதிரி நினைக்கிறேன். இதே மாதிரி ஒரு குழாயைக் கணினியில் ஓட்டினேன். சுழல் உந்தத்தைக் கடத்துவதை வெப்பத்தைக் கடத்துவதோடு ஒப்பிடும் டர்புலன்ட் பிராண்டல் எண் மென்பொருளில் 0.85 என்று தானாகவே இருந்தது. லியானைவிடச் சற்று மேலே வந்தது. அதை 2-ஐ நோக்கி ஏற்றினால் நஸ்ஸெல்ட் குறைந்து அளவோடு ஒத்துப்போகிறது. லியானும் சுழல் வெப்பத்தையும் உந்தத்தையும் ஒரே மாதிரி கடத்துவதாகத்தான் எடுத்துக்கொண்டார். சோடியத்தில் சுழல் போகும் வழியிலேயே வெப்பத்தை இழந்துவிடுகிறது. அப்படியானால் 3.4 டிகிரி உண்மையானதுதானே?

பழைய_வெப்பப்பொறியாளர்

இருக்கலாம். 1955-இல் லுபார்ஸ்கியும் காஃப்மனும் அதுவரை வந்த அளவுகளைத் திரட்டியபோதும் பெரும்பாலானவை லியானுக்குக் கீழேதான் விழுந்தன. அவர்களுடைய `0.625 Pe^0.4` இங்கே 8.2 தரும். ஆனால் அந்தக் காலத்து அளவுகளில் ஆக்ஸைடு, வாயுக் குமிழி, சுவரை நனைக்காத உலோகம் எல்லாம் கலந்திருந்தன என்ற சந்தேகமும் உண்டு. அழுக்கு அளவோடு பொருந்த நீங்கள் 0.85-ஐ நகர்த்தினால், சமன்பாட்டுக்குள் அழுக்கைப் பூசிவிட்டீர்கள் என்று அர்த்தம். எது எவ்வளவு என்று இந்த ஒரு புள்ளியை வைத்து நான் சொல்ல மாட்டேன்.

லூப் தம்பி, ஒன்றைப் பிரிக்கலாம். சோடியம் புது ஸ்டீலை உடனே நனைக்காது. சூட்டை ஏற்றிச் சில நாள் ஊறவிட்டு, சோடியத்தைக் குளிரவைத்து அழுக்கைப் பிடிக்கும் கோல்ட் டிராப்பில் ஆக்ஸைடை இறக்கிவிட்டு, அதே ஓட்டத்தில் திரும்ப அளக்க வேண்டும். வித்தியாசம் குறைந்தால் அந்தப் பங்கு நனைதலுடையது. தெர்மோகப்பிளின் இடம் ஊறினாலும் மாறாது.

பாதரசம்77

அப்போ என் பாதரசம் மூன்றால் வகுத்ததும் ஒத்துப்போனது எப்படி? பாதரசம் ஸ்டீலை நனைக்காது என்று ஆய்வகத்தில் எல்லோரும் சொல்வார்கள். அந்தத் தடையும் சேர்ந்துதான் மூன்று ஆகியதோ?

லூப்பில்_இருந்தவன்

பழைய பதிவேட்டைத் தேடி எடுத்தேன். முதல் வாரத்தில் 16. நடுவில் பம்ப் வேலைக்காகக் காத்திருந்தபோது, யாரும் திட்டமிடாமலே, சோடியத்தை 450 டிகிரியில் ஐந்து நாள் சுற்றவிட்டிருக்கிறோம். அதற்குப் பிறகு அதே 400 டிகிரி, அதே ஓட்டம், அதே வெப்பத்தில் 14.5 என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. அன்று அதை ஏற்ற இறக்கம் என்று தள்ளிவிட்டேன்.

1.5 போய்விட்டது, 1.9 மிச்சம். முனை 0.08 மி.மீ. தள்ளியிருந்தாலே அவ்வளவு வரும். குழாயை அறுத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். சோடியத்தைக் கழுவியதும் அதைப் பழைய இரும்போடு போட்டுவிட்டோம்.