ஐகன் மதிப்பு ஒத்துப்போகிறது, ஐகன் வெக்டர் ஒத்துப்போகவில்லை: உங்களுக்கும் இது நடந்திருக்கிறதா?

ஈசூன் டீச்சர்

ஃபர்தர் மேத்ஸ் எடுக்கும் ஜேசி மாணவி ஒருத்தி என்னிடம் டியூஷன் வருகிறாள். போன வாரம் ஒரு கணக்கைக் கொண்டுவந்து, "டீச்சர், B-யைத் தப்பாகக் கண்டுபிடித்துவிட்டேன் போலிருக்கிறது, நாலு தடவை போட்டும் சரியாக வரவில்லை" என்றாள். கணக்கு இதுதான்:

```
A = [4 1]    P = [1 1]    B = P⁻¹AP = [2 0]
    [2 3]        [0 1]                [2 5]
```

B சரியாகத்தான் இருந்தது. A-யின் ஐகன் மதிப்புகள் 5, 2. B-க்கும் அதே 5, 2. அதுவரை அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. A-யில் 5-க்கு உரிய ஐகன் வெக்டர் (1, 1). இப்படி P⁻¹AP என்று கிடைப்பதுதான் A-க்கு ஒத்த மேட்ரிக்ஸ். ஒத்த மேட்ரிக்ஸ் என்றால் எல்லாமே ஒத்திருக்கும் என்று நினைத்து அதையே B-யில் போட்டுப் பார்த்திருக்கிறாள். வந்தது (2, 7). அது (1, 1)-இன் எந்த மடங்கும் இல்லை. உடனே B-தான் தப்பு என்று முடிவு கட்டிவிட்டாள்.

நான் P-யின் நெடுவரிசைகளைப் பார்க்கச் சொன்னேன். முதலாவது (1, 0), இரண்டாவது (1, 1). இவைதான் புதிய அச்சுகள். B என்பது A செய்யும் அதே வேலையை இந்த அச்சுகளில் எழுதிய வடிவம். இப்போது (1, 1) என்ற அம்பைப் புதிய அச்சுகளில் எப்படிச் சொல்வது? முதல் அச்சில் 0, இரண்டாவது அச்சில் 1. ஆகவே B-யில் அதன் பெயர் (0, 1). போட்டுப் பாருங்கள்: B(0, 1) = (0, 5). ஐந்து மடங்கு, கச்சிதம்.

இன்னொன்றும் அப்படியே. A-யில் 2-க்கு உரிய வெக்டர் (1, −2). அது (1, 0)-இல் 3 பங்கும் (1, 1)-இல் −2 பங்கும் சேர்ந்தது. எனவே B-யில் (3, −2). B(3, −2) = (6, −4), இரண்டு மடங்கு.

இதைப் பார்த்ததும் அவள் முகம் தெளிந்தது. பொதுவாக எழுதுவதை அவளே செய்தாள்: Av = λv என்றால் B(P⁻¹v) = P⁻¹A P P⁻¹v = P⁻¹Av = λ(P⁻¹v). அம்பு எத்தனை மடங்கு நீள்கிறது என்பது அச்சைப் பொறுத்ததல்ல, அதனால் λ அப்படியே நிற்கிறது. அம்பை எந்த எண்களால் எழுதுகிறோம் என்பது அச்சைப் பொறுத்தது, அதனால் v போய் P⁻¹v வருகிறது.

நிறையப் பேர் தடுக்கி விழும் இன்னொரு இடமும் உண்டு. P⁻¹ போடவேண்டிய இடத்தில் P-யைப் போடுவது. P(1, 1) = (2, 1). B(2, 1) = (4, 9). சரிவராது. எந்தப் பக்கம் போகவேண்டும் என்று மனப்பாடம் செய்வதைவிட, கிடைத்த வெக்டரை B-யால் ஒருமுறை பெருக்கிப் பார்ப்பது மேல். பத்து வினாடி வேலை.

உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள். மாணவர்களிடம் சொல்ல எனக்கு உதவியாக இருக்கும்.

தெம்பனிஸ் ராஜா

நல்ல பதிவு டீச்சர். எனக்கு இது சிராங்கூன் ரோடு மாதிரி. அந்த ரோடு வடகிழக்காகச் சாய்ந்து ஓடுகிறது. வடக்கு, கிழக்கு என்று பிரித்துச் சொன்னால் இரண்டு எண் வேண்டும். ரோட்டையே அச்சாக வைத்தால் தேக்காவிலிருந்து நேராக இவ்வளவு தூரம் என்று ஒரே எண் போதும். ரோடு எங்கேயும் நகரவில்லை.

ஆனால் ஒரு விஷயம். P ஆர்த்தோகனலாக இருந்தால், அதாவது வெறும் திருப்பலோ பிரதிபலிப்போ என்றால், ஐகன் வெக்டரும் மாறாது என்று யூனியில் படித்த நினைவு. வெக்டர் மாறுவது டீச்சர் கொடுத்தது போன்ற சாய்வான P-க்கு மட்டும்தானே?

பாலி ஓய்வு

ராஜா தம்பி, பாதி சரி. P ஆர்த்தோகனல் என்றால் வெக்டரின் நீளமும், வெக்டர்களுக்கு இடையே உள்ள கோணமும் மாறாது. எண்கள் மாறத்தான் செய்யும். டீச்சரின் A-யையே எடுத்துக்கொண்டு, இரண்டு அச்சுகளையும் இடம் மாற்றுங்கள்:

```
P = [0 1]    P⁻¹AP = [3 2]
    [1 0]            [1 4]
```

ஐகன் மதிப்பு மறுபடியும் 5, 2. 2-க்கு முன்பு (1, −2), இப்போது (−2, 1). மாறிவிட்டது. ஆனால் 5-க்கு இங்கேயும் (1, 1)-தான். இரண்டு எண்ணும் ஒன்றாக இருப்பதால் இடம் மாற்றினாலும் அது அதுவாகவே நிற்கிறது. "ஒத்த மேட்ரிக்ஸ்களின் ஐகன் வெக்டர்கள் வேறு வேறு" என்று பாடம் நடத்துகிறவர்கள் உண்டு. அதுவும் தவறு. வேறாக இருக்கலாம், சிலது ஒன்றாகவும் இருக்கலாம். P அந்த அம்பின் திசையைத் தொடாமல் விட்டால் அது அப்படியே இருக்கும்.

நான் பல வருடம் பாலியில் இதை நடத்தியிருக்கிறேன். மாணவர்களிடம் ஒரு கேள்வி கேட்பேன்: ஐகன் மதிப்பும் ஒன்று, ஒவ்வொரு மதிப்புக்கும் உரிய வெக்டரும் ஒன்று, வெளி முழுவதையும் நிரப்ப அந்த வெக்டர்கள் போதும் என்றால் A-க்கும் B-க்கும் என்ன வித்தியாசம்? எதுவுமே இல்லை. வெளியை நிரப்பும் அந்த வெக்டர்களின் மேல் இரண்டும் ஒரே வேலையைச் செய்தால் எல்லா வெக்டரின் மேலும் அதையேதான் செய்யும். B என்பதே A ஆகிவிடும். அதனால் இத்தகைய மேட்ரிக்ஸ்களில், B வேறு மேட்ரிக்ஸாக இருக்கவேண்டுமானால் வெக்டர் பக்கம் ஏதாவது மாறியே ஆகவேண்டும். குறைந்தபட்சம் எந்த மதிப்புக்கு எந்த வெக்டர் என்ற ஜோடியாவது மாறவேண்டும். மூலைவிட்டத்தில் 5, 2 உள்ள மேட்ரிக்ஸையும் 2, 5 உள்ளதையும் பாருங்கள். இரண்டிலும் (1, 0), (0, 1)-தான் ஐகன் வெக்டர்கள், ஜோடி மட்டும் மாறியிருக்கிறது.

தெம்பனிஸ் ராஜா

புரிந்தது சார். நீளம் மாறாது என்று படித்ததைத்தான் வெக்டர் மாறாது என்று மனதில் வைத்திருந்தேன்.

ஜூரோங் இன்ஜினியர்

எங்கள் ஆபீசில் இதே விஷயம் வேறு உருவத்தில் வந்தது. கட்டட அதிர்வுக் கணக்கு. தணிப்பையும் சேர்த்த மாடல், அதனால் மேட்ரிக்ஸ் சமச்சீராக இல்லை. புதிதாகச் சேர்ந்த ஒருவர் அதை முதலில் ஹெஸன்பர்க் வடிவத்துக்குக் கொண்டுவந்து, பிறகு ஐகன் கணக்குப் போட்டிருந்தார். ஹெஸன்பர்க் என்பதும் ஒத்த மேட்ரிக்ஸ்தான்: A = QHQᵀ. Q ஆர்த்தோகனல் என்பதால் Qᵀ-தான் Q⁻¹. அதிர்வெண்கள் பழைய ரிப்போர்ட்டோடு கடைசி இலக்கம் வரை பொருந்தின. யாரும் மேற்கொண்டு பார்க்கவில்லை.

அதிர்வு வடிவத்தை வரைந்த பிறகுதான் இடித்தது. முதல் வடிவத்தில் எல்லா மாடியும் ஏறக்குறைய ஒரே பக்கம் சாயவேண்டும், மேலே போகப் போக அதிகமாக. படத்தில் நடு மாடி எதிர்ப்பக்கம் போயிருந்தது. காரணம், H-இன் வெக்டர்களை அப்படியே மாடிகளின் நகர்வு என்று எடுத்துவிட்டார். scipy-யில் `hessenberg(A)` என்று மட்டும் கூப்பிட்டால் H மட்டும்தான் திரும்ப வரும். Q வேண்டுமென்றால் கேட்கவேண்டும்:

```python
from scipy.linalg import hessenberg, eig, norm
H, Q = hessenberg(A, calc_q=True)
w, Y = eig(H)
V = Q @ Y
print(norm(A @ V - V * w))
```

Y என்பது H-இன் வெக்டர்கள், V-தான் A-யினுடையவை. கடைசி வரி பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வரவேண்டும். V-க்குப் பதில் Y-யை வைத்தால் பெரிய எண் வரும், உடனே தெரிந்துவிடும்.

எங்களை இன்னும் ஏமாற்றியது ஒன்று உண்டு. இந்த முறையில் Q முதல் அச்சைத் தொடுவதில்லை. அதனால் Y-யில் முதல் மாடியின் எண் அளவில் சரியாகவே இருந்தது. சோதித்தவர் அந்த ஒரு மாடியை மட்டும் ஒப்பிட்டுவிட்டு "சரி" என்று சொல்லிவிட்டார். ஐகன் மதிப்பு பொருந்துவதை வைத்து வெக்டர் சரியென்று எடுத்துக்கொள்ளவே கூடாது. அவை பொருந்தாமல் போக வழியே இல்லை, அப்புறம் அது எப்படிச் சோதனை ஆகும்?

என்எஸ் தம்பி

அடுத்த வருஷம் யூனிக்குப் போவதற்கு முன் எல்லாவற்றையும் திரும்பப் படிக்கிறேன். எனக்கும் இதே பிரச்சினை, ஆனால் என்னுடையதில் ஐகன் மதிப்பே மாறிவிட்டது! அதே A-யை எடுத்து, இரண்டாவது வரிசையிலிருந்து முதல் வரிசையின் பாதியைக் கழித்தேன். கீழே 0 வந்தது, மூலைவிட்டத்தில் 4, 2.5. அப்போ ஐகன் மதிப்பு 4, 2.5 ஆகத்தானே வருகிறது? ஒத்த மேட்ரிக்ஸ் என்றால் மாறக்கூடாது என்கிறீர்களே.

ஈசூன் டீச்சர்

தம்பி, நீங்கள் செய்தது ஒத்த மேட்ரிக்ஸ் இல்லை. வரிசையில் மட்டும் கை வைத்தீர்கள், அதாவது இடப்பக்கம் மட்டும் பெருக்கினீர்கள். 4 × 2.5 = 10, அது மட்டும் தப்பித்தது. ஆனால் 4 + 2.5 = 6.5. A-யின் மூலைவிட்டக் கூட்டல் 7. அது மாறிவிட்டாலே ஒத்த மேட்ரிக்ஸ் இல்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

வலப்பக்கமும் அதற்கு எதிர்வேலையைச் செய்யவேண்டும். முதல் நெடுவரிசையோடு இரண்டாவதின் பாதியைக் கூட்டுங்கள்:

```
[4.5   1 ]
[1.25 2.5]
```

கூட்டல் 7, டிட்டர்மினன்ட் 11.25 − 1.25 = 10. மறுபடியும் 5, 2. கீழே வந்த 0 போய்விட்டது பாருங்கள். சமன்பாடு தீர்ப்பதற்கு வரிசை வேலை போதும், ஐகன் மதிப்புக்கு அது உதவாது.

என்எஸ் தம்பி

நன்றி டீச்சர். அப்படியென்றால் திருப்பிக் கேட்கிறேன். ஐகன் மதிப்புகள் ஒன்றாக இருந்தால் இரண்டும் ஒத்த மேட்ரிக்ஸ் என்று சொல்லிவிடலாமா?

பாலி ஓய்வு

மதிப்புகள் எல்லாம் வெவ்வேறாக இருந்தால் சொல்லலாம். திரும்ப வந்தால் சொல்ல முடியாது. மூலைவிட்டத்தில் 2, 2 மட்டும் உள்ள மேட்ரிக்ஸுக்கு எல்லாத் திசையும் ஐகன் திசை. அதன் மேல் வலது மூலையில் ஒரு 1 போடுங்கள், ஒரே திசைதான் மிஞ்சும். P⁻¹ வெக்டர்களைப் பெயர் மாற்றலாம், எண்ணிக்கையைக் குறைக்காது. ஆகவே இவை இரண்டும் ஒத்தவை அல்ல.

என்எஸ் தம்பி

அப்போ மதிப்பும் ஒன்று, ஒவ்வொரு மதிப்புக்கும் கிடைக்கும் திசைகளின் எண்ணிக்கையும் ஒன்று என்றால்?

பாலி ஓய்வு

2×2, 3×3 வரை நீங்கள் சொல்வது நிற்கும். 4×4-இல் உடையும். எல்லா ஐகன் மதிப்பும் 0, இரண்டே திசைகள், இப்படி ஒத்துப்போகாத இரண்டு மேட்ரிக்ஸ் எழுத முடியும். இரண்டையும் வர்க்கப்படுத்திப் பார்த்தால் வித்தியாசம் வெளியே வரும். நான் எழுதிக் காட்டுவதற்கு முன் நீங்கள் முயன்று பாருங்கள்.

ஜூரோங் இன்ஜினியர்

சார், கணினியில் 2, 2 என்பது 2.0000001, 1.9999999 என்று வரலாம். அப்போது அவை வெவ்வேறு என்று எடுப்பதா, ஒன்று என்று எடுப்பதா? எங்கள் ஆபீசில் இதைப் பற்றி இன்னும் ஒத்த கருத்து இல்லை.