பேருந்தில் தூங்கி எழுந்ததிலிருந்து கழுத்து வலப்பக்கம் திரும்பவில்லை, என்ன செய்யலாம்?

கரூர்க்காரி
சென்னையிலிருந்து நேற்று இரவு பேருந்தில் வந்தேன். படுக்கை கிடைக்காததால் உட்கார்ந்தபடியே ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டேன். விடியற்காலை இறங்கும்போது கழுத்து இடப்பக்கம் சாய்ந்தபடியே பிடித்துக்கொண்டது. இடது பக்கம் திரும்ப முடிகிறது. வலது பக்கம் பார்க்க வேண்டும் என்றால் உடம்பையே திருப்ப வேண்டியிருக்கிறது. வலது தோள்பட்டையின் மேல் மூலையிலிருந்து காதுக்குப் பின்புறம் வரை கயிறு போல இறுகிக் கிடக்கிறது. காய்ச்சல் இல்லை, கை மரத்துப்போகவில்லை. வயது 34. நாளை பள்ளிக்கு ஸ்கூட்டியில் போக வேண்டும். யாராவது வழி சொல்லுங்கள்.

நெல்லை_அண்ணாச்சி
இது சாதாரண சுளுக்குதாம்மா, பயப்படாதே. கல் உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடு, உடனே இளகும். எங்கள் தெருவில் முடிதிருத்தும் கடையில் கழுத்தை ஒரு வெட்டு வெட்டித் திருப்புவார், 'சடக்'கென்று சத்தம் வரும், சரியாகிவிடும். எனக்கு மூன்று முறை அப்படித்தான் போனது. தலையணையையும் வெயிலில் வைத்து எடு.

மதுரை_இயன்முறை
அண்ணாச்சி, ஒத்தடம் நூற்றுக்கு நூறு சரி. கழுத்தைத் திருகுவது மட்டும் கூடவே கூடாது. மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் இரண்டு குழாய்கள் கழுத்தெலும்புகளின் துளைகள் வழியாகத்தான் ஏறுகின்றன. திடீரென்று திருகும்போது அந்தக் குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு. அடிக்கடி நடப்பதில்லை, ஆனால் நடந்துவிட்டால் திரும்பப் பெற முடியாது. இந்தப் பிடிப்பு தானாகவே பெரும்பாலும் நாலைந்து நாளில், மிஞ்சினால் ஒரு வாரத்தில் விட்டுவிடும். அதற்காக அந்த ஆபத்தை ஏன் வாங்க வேண்டும்?

கரூர்க்காரி, நான் பதினைந்து வருடமாக இயன்முறை சிகிச்சை செய்கிறேன். நீங்கள் சொன்ன கயிறு, தோள்பட்டை எலும்பின் மேல் மூலையிலிருந்து கழுத்துக்கு ஏறும் தசை. இரவு முழுக்கத் தலை ஒரே பக்கம் தொங்கியதால் அது இறுகியிருக்க வேண்டும். தசைதான் மூல காரணமா, கழுத்தெலும்புகளுக்கு இடையிலுள்ள சின்ன மூட்டு எரிச்சலாகித் தசை அதைக் காப்பாற்ற இறுகுகிறதா என்பதில் எங்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. எதுவானாலும் வைத்தியம் ஒன்றுதான்.

முதலில் சூடு. சுடுதண்ணீர்ப் பையோ உப்பு முடிச்சோ, மணிக்கட்டின் உட்பக்கம் வைத்துப் பார்த்து, பொறுக்கும் சூட்டில் 15 நிமிடம் வையுங்கள். நடுவில் ஒரு துண்டு இருக்கட்டும். அதை வைத்துக்கொண்டே தூங்கிவிடாதீர்கள், அப்படித் தோல் வெந்துபோய் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சூடு ஆறுவதற்குள் அசைவு கொடுங்கள். பலர் ஒத்தடம் முடிந்ததும் அசையாமல் படுத்துவிடுவார்கள், அதில் பாதிப் பலன் போய்விடும்.

இன்று மல்லாந்து படுத்து, தலையின் எடையைத் தலையணையிடமே விட்டுவிட்டு, முகத்தை மெதுவாக இடம் வலம் உருட்டினால் போதும். நன்றாகத் திரும்பும் பக்கம் முதலில், பிறகு வலிக்கும் பக்கம். இழுக்க ஆரம்பிக்கும் இடத்தில் நின்று ஒரு மூச்சு விட்டுத் திரும்பி வாருங்கள். ஐந்தாறு முறை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. கழுத்துப் பட்டை போட்டு நாள் முழுக்க அசையாமல் வைத்தால் இன்னும் இறுகும்.

நாளை கொஞ்சம் இளகியதும் உட்கார்ந்து செய்வது ஒன்று உண்டு. முகத்தை இடது பக்கம் பாதி திருப்பி, மூக்கு இடது அக்குளை நோக்கிப் போவது போலத் தலையைக் குனியுங்கள். வலது தோளின் மேல் மூலையில் இதமான இழுவை தெரிய வேண்டும். இடது கையைத் தலைமேல் வைக்கலாம், ஆனால் கையால் இழுக்காதீர்கள். 20 நொடி, மூன்று முறை. குத்தினால் நிறுத்திவிடுங்கள். தலையை வட்டமாகச் சுழற்றுவது இப்போது வேண்டாம்.

ஸ்கூட்டி ஓட்டாதீர்கள். வலப்பக்கம் வரும் லாரியைத் திரும்பிப் பார்க்க முடியாத கழுத்தோடு சாலையில் போகக் கூடாது.

வேப்பமரத்தடி
எனக்கும் இதே பிரச்சினைதான் சார். இரண்டு வருடமாகக் கழுத்து வலி, வலது கையில் கட்டைவிரல் வரை மின்சாரம் மாதிரி ஓடுகிறது, டம்ளரைப் பிடித்தால் நழுவுகிறது. நானும் அக்குள் பக்கம் குனியும் பயிற்சி செய்யலாமா?

மதுரை_இயன்முறை
அண்ணா, இது வேறு. உங்களுடையது தூக்கத்தில் வந்த பிடிப்பு இல்லை, நரம்பு அழுந்துகிறது போலத் தெரிகிறது. பிடி தளர்கிறது என்றால் பயிற்சியைத் தொடாதீர்கள், இந்த வாரமே எலும்பு அல்லது நரம்பு மருத்துவரிடம் நேரில் காட்டுங்கள். நடையில் தடுமாற்றமோ சிறுநீர் அடக்க முடியாமையோ வந்தால் அன்றைக்கே போக வேண்டும்.

கரூர்க்காரி
ரொம்ப நன்றி சார். ஒத்தடமும் படுத்தபடி அசைவும் செய்தேன், இரவு கொஞ்சம் இளகியது. ஆனால் இன்று காலையிலிருந்து பின்மண்டையில் ஆரம்பித்து நெற்றி வரை தலைவலி. உடம்பும் கதகதப்பாக இருப்பது போலத் தோன்றுகிறது. மருந்துக் கடையில் கொடுத்த வலி மாத்திரையை எட்டு மணிக்குப் போட்டேன். பத்து மணிக்குப் பார்த்தபோது தெர்மாமீட்டரில் 98.8. காய்ச்சல் இல்லைதானே?

நெல்லை_அண்ணாச்சி
98.8 காய்ச்சலே இல்லை. கழுத்துப் பிடித்தால் தலையும் வலிக்கத்தான் செய்யும். தைலம் தடவிப் படு.

தஞ்சை_தம்பி
அண்ணாச்சி, தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். என் அண்ணன் கல்லூரி விடுதியில் இருந்தபோது கழுத்து இறுகி, தலைவலியும் காய்ச்சலும் இருந்தது. அறை நண்பர்கள் சுளுக்கு என்று தைலம் தேய்த்து, காய்ச்சல் மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை போட்டதும் சூடு இறங்கும், எல்லோரும் நிம்மதியாகிவிடுவோம். மூன்றாம் நாள் காலை வாந்தி, விளக்கைப் போட்டால் முகத்தை மூடிக்கொண்டான். மதியம் என் அம்மாவைப் பார்த்து யார் என்று கேட்டான். மூளைக்காய்ச்சல். பதினான்கு நாள் மருத்துவமனையில் இருந்தான். உயிர் பிழைத்தான், இடது காது மட்டும் இன்று வரை கேட்காது. அக்கா, நீங்கள் இன்றே போய்க் காட்டுங்கள்.

மதுரை_இயன்முறை
தம்பி சொல்வது முக்கியமான விஷயம். கரூர்க்காரி, அந்த மாத்திரை அட்டையைப் பாருங்கள். கடையில் கொடுக்கும் வலி மாத்திரைகள் பலவற்றில் பாராசிட்டமாலும் சேர்ந்தே இருக்கும். அது இருந்தால் பத்து மணிக்குப் பார்த்த 98.8-ஐ வைத்துக் காய்ச்சல் இல்லை என்று சொல்லவே முடியாது. நாலிலிருந்து ஆறு மணி நேரம் வரை அது சூட்டை அமுக்கி வைக்கும்.

பின்மண்டையிலிருந்து நெற்றிக்கு ஏறும் தலைவலி, கழுத்துத் தசை இறுகினாலும் வரும் என்பது உண்மைதான். அதனால் இப்போதே இவற்றுக்குப் பதில் சொல்லுங்கள். தாடையை மார்பில் தொட முடிகிறதா? வெளிச்சம் கண்ணைக் கூசுகிறதா? வாந்தி உண்டா? பேச்சு, நினைவு தெளிவாக இருக்கிறதா? உடம்பில் அழுத்தினாலும் மறையாத சிவப்பு, ஊதாப் புள்ளிகள் இருக்கின்றனவா? தலைவலி மெல்ல வந்ததா, ஒரே நொடியில் இடி விழுந்தது போல வந்ததா? கடைசியாகக் கேட்டது ஏனென்றால், மூளையில் ரத்தம் கசிந்தால் காய்ச்சலே இல்லாமல் தலைவலியும் கழுத்து இறுக்கமும் வரும்.

காலைப்பணி_செவிலி
அரசு மருத்துவமனை அவசரப் பிரிவில் வேலை செய்கிறேன். தாடைச் சோதனை பற்றி ஒரு வார்த்தை. மூளையையும் தண்டுவடத்தையும் ஒரே உறை மூடியிருக்கிறது. அது வீங்கினால், குனியும்போது உறை இழுபட்டு வலிக்கும், உடம்பு தானாகவே கழுத்தை விறைத்துக்கொள்ளும். அதனால்தான் அந்த நோயில் பக்கவாட்டில் திரும்புவதைவிடக் குனிவது கடினமாக இருக்கும். தூக்கச் சுளுக்கில் பெரும்பாலும் தலைகீழ், ஒரு பக்கம் திரும்பத்தான் முடியாது.

ஆனால் தாடை தொடுகிறது என்பதற்காக யாரும் வீட்டில் இருந்துவிடாதீர்கள். நெதர்லாந்தில் பெரியவர்களுக்கு வந்த 696 பாக்டீரியா மூளைக்காய்ச்சல் நிகழ்வுகளைப் பார்த்து 2004-ல் வெளியிட்ட ஆய்வில், காய்ச்சல், கழுத்து விறைப்பு, நினைவு மாற்றம் மூன்றும் சேர்ந்து இருந்தது 44 சதவீதத்தில்தான். தலைவலியையும் சேர்த்து நாலில் ஏதாவது இரண்டு இருந்தது 95 சதவீதத்தில். அதனால்தான் தலைவலி, கழுத்து விறைப்போடு 100.4 சூடு என்று யார் வந்தாலும் நாங்கள் காத்திருக்க வைப்பதில்லை. முதுகில் நீர் எடுத்துப் பார்ப்பதற்குத் தாமதமாகும் என்றால், மருத்துவர் அதற்கு முன்பே மருந்தைத் தொடங்கச் சொல்லிவிடுவார். பாக்டீரியா என்றால் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. கைக்குழந்தைக்கும் வயதானவருக்கும் கழுத்து விறைக்காமலே வரலாம், குழந்தைக்கு உச்சிக்குழி புடைக்கலாம். காசநோய்க் கிருமியால் வருவது நம் ஊரில் உண்டு. அது ஒன்றிரண்டு வாரம் லேசான காய்ச்சலும் தலைவலியுமாகவே இழுக்கும்.

கரூர்க்காரி
அட்டையில் பாராசிட்டமால் 325 என்று போட்டிருக்கிறது. அசிக்ளோஃபெனாக்கும் சேர்ந்தது. தாடை மார்பைத் தொடுகிறது, பின்கழுத்து இழுக்கிறது. வெளிச்சம் கூசவில்லை, வாந்தி இல்லை, புள்ளி எதுவும் இல்லை. தலைவலி மெல்லத்தான் ஏறியது.

மதுரை_இயன்முறை
சரி, நல்ல அறிகுறிகள்தான். அடுத்த மாத்திரை போடாமல் இரண்டு மணிக்கு மேல் சூடு பாருங்கள். 100.4 எட்டினாலோ, நான் கேட்டதில் ஒன்று தோன்றினாலோ உடனே மருத்துவமனை. தனியாக இருந்தால் 108.

தஞ்சை_தம்பி
இரண்டு மணி வரை எதற்குக் காத்திருக்க வேண்டும்? இப்போதே ஆட்டோ பிடித்துப் போவதில் என்ன நஷ்டம்?

காலைப்பணி_செவிலி
நானும் தம்பி பக்கம்தான். கதகதப்பும் தலைவலியும் இருக்கிறது, சூட்டளவை நம்ப முடியாது. இந்த நிலையில் ஒரு மருத்துவர் கையால் கழுத்தைப் பார்ப்பதே மேல். இன்னொன்று, டெங்கு இல்லை என்று தெரியும்வரை அசிக்ளோஃபெனாக் மாதிரி மாத்திரைகளை நிறுத்தி வையுங்கள். ரத்தக் கசிவைக் கூட்டும்.

கரூர்க்காரி
மதியமே போய்விட்டேன், கணவர் கூட்டிப்போனார். அங்கே பார்த்தபோது சூடு 98.4, மாத்திரை போட்டு ஆறு மணி நேரம் ஆகியிருந்தது. மருத்துவர் என்னைப் படுக்க வைத்துத் தலையைத் தூக்கிப் பார்த்தார், காலை மடக்கி நீட்டிப் பார்த்தார். உறை வீக்கம் இல்லை, தசைப் பிடிப்புதான் என்றார். இரவில் போட ஒரு தசை தளர்த்தும் மாத்திரை, தூக்கம் வரும் என்று சொன்னார். மூன்று நாளுக்குள் காய்ச்சல் வந்தால் நேராகத் திரும்பி வரச் சொன்னார்.

தஞ்சை_தம்பி
இப்போதுதான் மூச்சு வந்தது அக்கா.

கரூர்க்காரி
ஐந்தாம் நாள். காய்ச்சல் வரவே இல்லை, தலைவலி மூன்றாம் நாளே போய்விட்டது. அக்குள் பக்கம் குனியும் பயிற்சி நன்றாக உதவியது. முக்கால்வாசி திரும்புகிறது, பள்ளிக்கு இன்னும் பேருந்தில்தான் போகிறேன். மெல்லிய தலையணை நல்லதா, தடித்ததா?

மதுரை_இயன்முறை
ஒருக்களித்துப் படுத்தால் தோளுக்கும் காதுக்கும் இடையிலுள்ள இடைவெளியை நிரப்பும் உயரம் வேண்டும், மல்லாந்து படுத்தால் அதைவிடக் குறைவு. குப்புறப் படுக்காதீர்கள். இதற்கு மேல் அளவு சொல்ல முடியாது, ஆளுக்கு ஆள் மாறும்.

நெல்லை_அண்ணாச்சி
தம்பி அண்ணன் கதையைப் படித்த பிறகு எனக்கு மனசு கேட்கவில்லை. கழுத்து வெட்டும் கடைக்கு இனிப் போவதில்லை. இங்கே பேரனுக்கு நேற்றிலிருந்து காய்ச்சல், கழுத்தின் பக்கவாட்டில் நெல்லிக்காய் அளவு கட்டி, தொட்டால் வலிக்கிறது என்கிறான். குனிகிறான், விளையாடுகிறான். இது எதில் சேரும்?

காலைப்பணி_செவிலி
தொண்டைத் தொற்றில் நெறி கட்டுவது போலத் தெரிகிறது, ஆனால் எழுத்தில் படித்து நான் சொல்லக் கூடாது அண்ணாச்சி. இன்று மாலைக்குள் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். அதற்குள் எச்சில் விழுங்க முடியாமல் போனாலோ, தலையை ஒரு பக்கமாகவே வைத்துக்கொண்டாலோ, மந்தமாகப் படுத்துக்கொண்டாலோ மாலை வரை காத்திருக்காதீர்கள்.