கவைத்தோள் வளையமா, ஃபோர்க் கோனா?

சைக்கிள் பழுதுக் கையேட்டில் ஒரு சொல்லில் மாட்டி நிற்கிறேன். முன் ஃபோர்க்கில் இரண்டு காலும் சேருகிற தோளின் மேல், ஸ்டீயரிங் குழாயின் அடியில் இறுகி உட்கார்ந்திருக்குமே ஒரு வளையம், குண்டுகள் அதன் மேல்தான் ஓடும். ஆங்கிலத்தில் கிரவுன் ரேஸ் என்கிறார்கள், அகராதியைப் பார்த்தால் 'மகுடப் பந்தயம்' என்றுதான் வருகிறது, சிரிக்கவும் முடியவில்லை. ஃபோர்க்குக்குக் கவை என்று வைத்துக்கொண்டு 'தோள்வளை' என்று எழுதியிருக்கிறேன். சரியா?
(முத்தியால்பேட்டை)

தோள்வளை கையில் போடுகிற நகை ஆயிற்றே! கிண்ணம் போதாதா? கடையில் கப் என்றுதானே கேட்கிறோம்.
(நெய்வேலி)

போதாது தம்பி. கிண்ணம் ஃபிரேமின் தலைக்குழாயில் இறுகியிருப்பது, ஃபோர்க்கை உருவினாலும் அங்கேயே நிற்கும். இது ஃபோர்க்கோடு கூடவே வந்துவிடும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், இந்த வளையத்தைக் கழற்றப் படிக்கிறவர் கிண்ணத்தில் போய் ஆப்பு வைப்பார். நாங்கள் பட்டறையில் ஃபோர்க் கோன் என்போம்.
(மஞ்சக்குப்பம்)

என் பின்சக்கரக் கோன் இரண்டே ஸ்பானரில் கழன்றது, இதற்கு ஆப்பு எதற்கு?
(வில்லியனூர்)

அது மரையில் ஏறுவது, இது மரையே இல்லாமல் இறுக்கத்தில் மட்டும் நிற்பது. வளையத்தின் துளை, அது உட்காரும் இடத்தைவிட 0.1 மி.மீ. போலச் சிறியதாக இருக்கும், அவ்வளவுதான். கடல்காற்றில் துருவும் சேர்ந்துகொண்டால் இன்னும் கெட்டி.
(மஞ்சக்குப்பம்)

ஐயா, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நேற்று ஒரு பழைய இரும்பு ஃபோர்க்கில் தட்டை ஸ்க்ரூடிரைவரை ஒரே பக்கத்தில் வைத்து அடித்தேன். அந்தப் பக்கம் ஒரு மில்லிமீட்டர் எழும்பியது, எதிர்ப்பக்கம் அசையவே இல்லை.
(முத்தியால்பேட்டை)

இனி அங்கே அடிக்காதீர்கள், சாய்ந்த வளையம் உட்காரும் இடத்தைச் செதுக்கிவிடும். எழும்பிய பக்கத்தை லேசாகத் தட்டி மட்டமாக்குங்கள், துரு எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி விடுங்கள். அப்புறம் மெல்லிய இரும்புத் தகடு இரண்டை, வளையத்துக்கும் தோளுக்கும் நடுவில், முன்னே ஒன்று பின்னே ஒன்று வைத்து மாறி மாறிச் சின்ன அடி. நாலு அடிக்கு ஒருமுறை வெளிச்சத்தில் பிடித்து இடைவெளி சுற்றிலும் ஒன்றா என்று பாருங்கள். புல்லர் கிடைத்தால் இந்தப் பாடே இல்லை, அதன் தகடுகள் அடியில் புகுந்துகொள்ளும், நடுத்திருகு குழாயின் உச்சியில் ஊன்றும், முறுக்க முறுக்க வளையம் நேராக எழும். கார்பன் குழாய் என்றால் சுத்தியலைத் தொடவே வேண்டாம். கடைசியில் புது வளையம் கையாலேயே அடிவரை இறங்கினால், உட்காரும் இடம் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம்.
(மஞ்சக்குப்பம்)

என்னுடையதில் வளையத்திலேயே ஒரு வெட்டு இருந்தது, ஸ்க்ரூடிரைவரை அதில் விட்டுத் திருகினேன், கையோடு வந்துவிட்டது.
(நெய்வேலி)

வெட்டு வளையம் அப்படித்தான் வரும், அது தனிக் கதை.
(மஞ்சக்குப்பம்)

அப்படியானால் 'கவைத்தோள் வளையம்' என்று வைக்கிறேன், ஆப்பு எங்கே போக வேண்டும் என்பது பெயரிலேயே இருக்கிறது.
(முத்தியால்பேட்டை)

வையுங்கள், ஆனால் கடையில் அதைக் கேட்டால் பையன் முழிப்பான். பக்கத்தில் ஃபோர்க் கோனையும் எழுதிவிடுங்கள்.
(மஞ்சக்குப்பம்)

கோன் வேண்டாம், பின்சக்கரத்துக்கும் அதே பெயர்தானே, நானே குழம்பினேன்.
(வில்லியனூர்)