புதுப்பிப்பு: அப்பாவோட முதுகு வலி, முதுகெலும்புல டிபி

"தோட்டத்துல குலை வெட்டுற அப்பாவுக்கு 3 மாசமா முதுகு வலி, ராத்திரி வேர்த்து பனியன் நனையுது, எடை குறையுது, என்னவா இருக்கும்?"

எல்லாருக்கும் நன்றி. நர்ஸ் அக்கா சொன்னதுதான் சரி, முதுகெலும்புல டிபி. இருமல் இல்ல, நெஞ்சு எக்ஸ்ரே கிளியர், அதனால டிபி இல்லன்னு ஒரு அண்ணன் சொன்னீங்க, எக்ஸ்ரே கிளியர்தான், ஆனா எலும்புல உள்ளது அதுல தெரியணும்னு இல்லையாம். எம்ஆர்ஐல அடுத்தடுத்த ரெண்டு எலும்பும் நடு டிஸ்க்கும் அரிச்சு, பக்கத்துல சீழ் கட்டியிருந்துச்சு. புற்றுநோயும் இருக்கலாம்னு ஊசியால சதை எடுத்து டெஸ்ட் பண்ணிதான் உறுதி பண்ணாங்க.

இப்ப 4 மருந்து. சிறுநீர் ஆரஞ்சு கலர்ல போனதும் ரத்தம்னு பயந்து அப்பா மாத்திரைய நிறுத்தப் பாத்தாரு, அது மருந்தோட கலர்தான். எத்தன மாசம்னு டாக்டர் இன்னும் முடிவா சொல்லல.

ஸ்லிப் டிஸ்க் ஆபரேஷன் பத்தி கேட்ட அக்கா, உங்க கேஸ் வேற மாதிரி தெரியுது, ஆனா கால் மரத்தா, சிறுநீர் அடைச்சா அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க.